இப்போது வேலை பார்க்கும் இடத்துக்குப் போன் போடாதீர்கள்

நேர்காணல் முடிந்த கையோடு, விண்ணப்பதாரர் இப்போது வேலை பார்க்கும் அலுவலகத்துக்கே போன் போட்டு "ஆள் எப்படி?" என்று கேட்கும் மனிதவள அதிகாரிகளை இன்னமும் பார்க்கிறேன். அவர் வேறு வேலை தேடுவது அந்த நொடியே அங்கே தெரிந்துவிடும். சம்பள உயர்வு நிற்கும், சில இடங்களில் வேலையே போய்விடும். நீங்களும் கடைசியில் அவரை எடுக்காமல் விட்டால் அவர் எங்கே போவார்? நியமனக் கடிதம் கொடுத்து, அவர் ராஜினாமா செய்து, எழுத்தில் சம்மதமும் தந்த பிறகே அங்கே விசாரிக்க வேண்டும்.

அதுவரை அவருடைய பி.எஃப். பணி வரலாறே போதும். யு.ஏ.என். கணக்கில் View என்பதன் கீழ் Service History இருக்கிறது. எந்த நிறுவனம், எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்பது அதில் வரும். அதைத் திறந்து காட்டும்படி விண்ணப்பதாரரிடமே கேளுங்கள். யாருக்கும் போன் போட வேண்டியதில்லை. சிறிய நிறுவனங்கள் பலவற்றில் பி.எஃப். கிடையாது என்பதால், பதிவு இல்லாததை வைத்து அனுபவமே பொய் என்று முடிவு கட்டக் கூடாது.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு பெண் கணக்காளர் மார்ச் மாதம் பழைய நிறுவனத்திலிருந்து விலகி, ஏப்ரலில் வேறொன்றில் சேர்கிறார். பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதியவே இல்லை. சரிபார்ப்பு ஏஜென்சி "ஒரே சமயத்தில் இரண்டு வேலை" என்று அறிக்கை தருகிறது, கிடைத்த வேலை ரத்தாகிறது. அவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பணிவிடுவிப்புக் கடிதத்தையும் சம்பளம் வரவான வங்கிக் கணக்கு விவரத்தையும் காட்டியிருப்பார். பழைய நிறுவனத்தின் சோம்பலுக்கு இவர் தண்டனை அனுபவிக்கிறார். அறிக்கையில் எந்த முரண்பாடு வந்தாலும், முடிவெடுக்கும் முன் அதை விண்ணப்பதாரரிடம் எழுத்தில் கொடுத்து விளக்கம் கேளுங்கள். சான்றிதழில் முன்னால் இருக்கும் இனிஷியல் ஆதாரில் அப்பா பெயராக விரிந்திருப்பதைக்கூட மோசடிபோல் எழுதுகிறார்கள்!

படிப்புச் சான்றிதழ்களுக்கு, அவற்றை வழங்கிய இடத்தில்தான் உண்மைத்தன்மை கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மாநிலப் பாடத்திட்ட மதிப்பெண் சான்றிதழ்களுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம். பட்டத்துக்குப் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம், அந்தத் தாமதத்தை விண்ணப்பதாரர் தலையில் கட்டாதீர்கள். டிஜிலாக்கரில் காட்டினால் Issued Documents பகுதியில் உள்ளதை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். மற்றவை அவரே பதிவேற்றிய பிரதிகள்.

வேலை தேடுபவர்களே, விண்ணப்பிக்கும் முன்பே உங்கள் பணி வரலாற்றைத் திறந்து பாருங்கள். விலகிய தேதி காலியாக இருந்தால், கடைசி பி.எஃப். தொகை செலுத்தப்பட்டு இரண்டு மாதம் கழிந்த பின் நீங்களே பதியலாம். Manage என்பதில் Mark Exit போய், ஆதாருடன் இணைந்த செல்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொடுக்க வேண்டும். தேதியைப் பணிவிடுவிப்புக் கடிதத்தோடு ஒப்பிட்ட பிறகே அழுத்துங்கள், பதிந்தபின் மாற்றுவது பெரும்பாடு.