எண்ணெய் பிராண்டுக்கு எத்தனை வெரைட்டி?

கீழ்பென்னாத்தூரில் சித்தப்பா பையன் செக்கு எண்ணெய் பிராண்ட் ஆரம்பிக்கிறான். மனைவியோட நகையை அடகு வெச்ச பணம். என்கிட்ட காட்டின லிஸ்ட்ல 16 அயிட்டம் இருந்தது: கடலெண்ணெயில் மரச்செக்கு, கல்செக்கு, 'பிரீமியம்' என்று மூணு வகை, கூடவே நல்லெண்ணெய். ஒவ்வொண்ணும் 200 மில்லி, அரை லிட்டர், ஒரு லிட்டர், 5 லிட்டர். "நிறைய இருந்தாத்தானேண்ணே ஜனங்க வாங்குவாங்க?"

இதுக்கு எல்லோரும் சொல்வது ஜாம் சோதனை. ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் இருவரும் 2000-ல் வெளியிட்டது. 24 ஜாம் வைத்த மேஜையில் நின்றவர்களில் 3% பேர்தான் பிறகு வாங்கினார்கள். 6 ஜாம் வைத்தபோது 30%. ஆனால் 2010-ல் இப்படிப்பட்ட 50 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில், சராசரி விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம். அதனால் எண்ணிக்கை மட்டுமே பிரச்சினை இல்லை. தனக்கு எது வேணும்னு தெரியாதவர் முன்னால், வித்தியாசம் புரியாத பொருட்களை அடுக்கும்போதுதான் சிக்கல்.

கடலெண்ணெயா நல்லெண்ணெயா என்று எந்த வீட்டிலும் குழப்பம் கிடையாது. மரச்செக்கா, கல்செக்கா, பிரீமியமா? அங்கேதான் "எது நல்லதுண்ணா?" என்று கடைக்காரரைக் கேட்பார்கள். அவர் தனக்கு அதிக மார்ஜின் தரும் வேறு பிராண்டை எடுத்துக் கொடுத்துவிடுவார். மூணு வகையை ஒண்ணாக்கினோம்.

அடுத்து ஸ்டாக் கணக்கு. 20 கடை, ஒவ்வொரு அயிட்டமும் மூணு பாட்டில் என்றால், 16 அயிட்டத்துக்கு 960 பாட்டில். மாசம் 180 பாட்டில் விற்றால்கூட அஞ்சு மாசத்துக்கு மேல் ஆகும். அதுக்குள் ஓடாத பாட்டில்களில் காறல் வாடை வந்துவிடலாம். மூணு அயிட்டம் என்றால் 180-தான். காசு சீக்கிரம் திரும்பும்.

எந்த மூணு? ஒரு லிட்டர் கடலெண்ணெய், அதிலேயே 200 மில்லி, அரை லிட்டர் நல்லெண்ணெய். தெரியாத பிராண்டை யாரும் எடுத்ததும் ஒரு லிட்டர் வாங்கிப் பார்க்க மாட்டார்கள். கடலூரில் 1983-ல் 15,000 ரூபாயோடு தொடங்கிய சி.கே. ரங்கநாதன், சிக் ஷாம்பூவைச் சின்ன சாஷேயில்தான் விற்றார். மல்லிகை வாசனையெல்லாம் பிறகு வந்தது.

நாலாவது அயிட்டம் எப்போ? இல்லைன்னு திரும்பிப் போனவர்கள் என்ன கேட்டார்கள் என்று கடைகளில் குறிக்கச் சொல்லியிருக்கிறோம். அரை லிட்டர் கடலெண்ணெய் அடிக்கடி வந்தால், பத்துக் கடையில் மட்டும் ஆறு வாரம் வைப்போம். மீதி பத்துக் கடையோடு ஒப்பிடணும். ஆனா பாட்டிலை எண்ணாதீங்க, லிட்டரை எண்ணுங்க. ஒரு லிட்டர் வாங்கினவர் அரைக்கு மாறினாலும் பாட்டில் கணக்கு குறையாது, விற்ற எண்ணெய் குறைந்திருக்கும். மொத்த லிட்டர் ஏறலைன்னா புது ஆள் யாரும் வரலை, அயிட்டத்தை எடுத்துடணும்.

5 லிட்டர் டின்னை மட்டும் அவன் விடலை. "தீபத்துக்கு அன்னதானம் பண்றவங்க கேப்பாங்கண்ணே." சரிதான். அது ஆர்டர் வந்தா மட்டும் அடைக்கிறது, கடைக்குப் போகாது.