போலிச் சில்லு: விற்றவருக்கு எழுதும் கடிதம்

போலி என்று சந்தேகிக்கும் மைக்ரோகன்ட்ரோலரைப் பற்றி விற்பனையாளருக்கு எழுதும்போது, குற்றச்சாட்டைவிடக் கண்டதைச் சொல்வதே பலன் தரும். ஆர்டர் எண்ணும் தேதிக் குறியீடும் முதலில். பழைய சில்லைத் தேய்த்து மேல்பூச்சு பூசியிருந்தால் அசிட்டோன் தோய்த்த பஞ்சில் கருப்பு ஒட்டலாம். ஒட்டாவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை.

STM32F103 சில்லுக்கு வலுவான சான்று உண்டு. டீபக்கரை இணைத்தால் அசல் `0x1ba01477` என்று காட்டும்; சில நகல்கள் `0x2ba01477` என்கின்றன. அந்தத் திரையைப் படமெடுத்து அனுப்பலாம்.

எத்தனை பலகைகள் எந்தச் சோதனையில் தவறின என்பதும் வேண்டும். தவறிய பலகையின் சில்லை நல்ல பலகைக்கு மாற்றும்போது பழுதும் கூடவே வந்தால், சால்டரிங் சரியில்லை என்று விற்பனையாளர் தட்டிக்கழிக்க முடியாது. பணம் திரும்பும்வரை மிச்சச் சில்லுகளை ரீலோடு பத்திரப்படுத்த வேண்டும்.