'ரகசியம் காப்பேன்'னு கையெழுத்து போடப் போறீங்களா? என்.டி.ஏ-வில் இந்த 3 இடத்தை முதலில் பாருங்க!

ஆர்டர் தருவதற்கு முன்பே நாலு பக்க ஆங்கில ஒப்பந்தம் ஒன்று மெயிலில் வரும். 'சும்மா ஃபார்மாலிட்டிதான் சார்' என்பார்கள். அதுதான் என்.டி.ஏ. (தேர்தல் கூட்டணி இல்லைங்க!) ரகசியம் காக்கும் ஒப்பந்தம்.

திருப்பூரில் டி-ஷர்ட் தைக்கும் ஒரு சின்ன யூனிட் என்று வைத்துக்கொள்வோம். தையல் உள்ளே, பிரிண்டிங் மட்டும் வெளியே ஜாப் ஒர்க். அவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

டிசைனை யாருக்குக் காட்டலாம்?

ஒப்பந்தம் சொல்வது: 'பெறுநர், அறிய வேண்டிய அவசியமுள்ள தமது பிரதிநிதிகளுக்கு மட்டுமே தகவலை வெளிப்படுத்தலாம், அவர்களின் மீறலுக்குப் பெறுநரே பொறுப்பாவார்.'

நம்ம பாஷையில்: 'வேலைக்குத் தேவையான உங்க ஆளுங்களுக்கு மட்டும் காட்டலாம். அவங்க லீக் பண்ணினாலும் மாட்டுறது நீங்கதான்.'

சிக்கல் 'பிரதிநிதிகள்' என்ற சொல்லில்தான். அதற்கான விளக்கத்தில் பல நேரம் ஊழியர்கள், இயக்குநர்கள், ஆடிட்டர், வக்கீல் மட்டுமே இருப்பார்கள். பிரிண்டிங் யூனிட்காரர் இருக்க மாட்டார். அப்படியானால் அவருக்கு டிசைனை வாட்ஸ்அப்பில் அனுப்பிய நிமிடமே ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள். டிசைன் வெளியே போயிருக்கவே வேண்டாம்!

எனவே கையெழுத்துக்கு முன்பே 'ஜாப் ஒர்க் செய்பவர்களும் இதில் அடக்கம்' என்று சேர்க்கச் சொல்லுங்கள். டிசைன் அனுப்பும் முன், பிரிண்டிங்காரரிடம் இதே நிபந்தனைகளுடன் ஒரு பக்கம் எழுதி வாங்கிவிடுங்கள்.

வேலை முடிந்ததும்?

'எல்லாவற்றையும் திருப்பிக் கொடு, அல்லது அழி' என்று இருக்கும். எல்லாம் என்றால் சாம்பிள், பிரிண்டிங் ஸ்கிரீன், ரிஜெக்ட் ஆன பீஸ், பழைய போனில் கிடக்கும் படம் வரைக்கும். ரிஜெக்ட் பீஸை மொத்தமாக விற்றுவிடும் பழக்கம் இங்கேதான் வம்பாகும்.

ஆனால் பில்லை அழிக்க முடியாது. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை, அந்த ஆண்டுக்கான ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பில்லிலேயே பையர் பெயர், விலை எல்லாம் இருக்குமே? 'சட்டப்படி வைக்க வேண்டிய ஆவணங்கள் தவிர' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

மீறினால் எவ்வளவு?

'ரூ.10 லட்சம் தர வேண்டும்' என்று எழுதியிருந்தால், அது அப்படியே போய்விடும் என்று இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 74-ன்படி நீதிமன்றம் நியாயமான இழப்பீட்டைத்தான் தரும். எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு.

அதைவிட பயப்பட வேண்டியது, தொகையே குறிப்பிடாத 'இண்டெம்னிஃபை' என்ற சொல்தான். 'உங்களுக்கு வரும் நஷ்டம், கேஸ் செலவு எல்லாத்தையும் நானே கட்டுறேன்' என்று அர்த்தம். இதற்கு உச்சவரம்பு இல்லை. 'அந்த ஆர்டரின் மதிப்பைத் தாண்டாமல்' என்று வரம்பு கேளுங்கள். பெரிய பையர் மறுக்கலாம். அப்போது கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லது.