“இறந்தார்”, “இரந்தார்” ஆகலாமா?

மதுரையில் ஒரு கடைச் சிப்பந்தி. அவருடைய முதலாளியின் தாயார் காலமாகிவிட்டார். வெளியூர் போயிருந்த சிப்பந்தி, செல்போனில் அனுதாபச் செய்தி எழுதினார்:

“ஐயா, உங்கள் அம்மா இரந்தாள் என்று கேட்டு நானும் என் மனைவியும் வருந்துகிறேன். எங்கள் இறங்கலை ஏற்றுக்கொள்ளவும்.”

நல்ல வேளை! அனுப்புமுன் மகளிடம் காட்டினார். அவள் திடுக்கிட்டாள். “இரந்தாள்” என்றால் பிச்சை எடுத்தாள் என்று பொருள்! சாவைச் சொல்ல வல்லின “ற” போட வேண்டும். “இரங்கல்” என்பதற்கோ இடையின “ர”. “இறங்கல்” என்றால் கீழே இறங்குவது. பேச்சில் இரண்டும் ஒன்றுபோல ஒலிப்பதால் காது காட்டிக்கொடுக்காது.

பெரியவரைப் பற்றி எழுதும்போது சொல்லை “ஆள்” என்று முடிப்பது மரியாதை அல்ல. “ஆர்” வேண்டும். கணவன், மனைவி இருவரும் வருந்துவதால் “வருந்துகிறோம்” என்பதே சரி. மகள் இப்படித் திருத்தினாள்:

“ஐயா, தங்கள் தாயார் காலமானார் என்ற செய்தி கேட்டு நானும் என் மனைவியும் மிகவும் வருந்துகிறோம். எங்கள் இரங்கலை ஏற்றுக்கொள்ளுங்கள்.”

நெருங்கிய நண்பனுக்கு எழுதும்போது “தங்கள் தாயார்” என்றால் அந்நியமாக இருக்கும். “உன் அம்மா இறந்துவிட்டாரே!” என்றே எழுதலாம். நண்பனை “நீ” என்று அழைத்தாலும், இறந்தவருக்குரிய “ஆர்” மாறாது.