லாகினுக்கு முந்தைய பத்து நிமிடம்

பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு கால் சென்டர் டீம், ஷிஃப்ட் தொடங்கும்போது போனைத் தொடாமல் பத்து நிமிடம் கூடிப் பேசினால் எவ்வளவு செலவு? எல்லோருக்கும் சேர்த்து 120 நிமிடம். ஒரு அழைப்பை முடிக்கச் சராசரியாக ஆறு நிமிடம் ஆகும் என்றால், இருபது வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. 'ஹடில்' என்று கால் சென்டர்களில் சொல்லப்படும் இந்தச் சின்னக் கூட்டம், அன்றைய ஷிஃப்ட் முடிவதற்குள் அந்த இருபது அழைப்புகளின் நேரத்தைத் திருப்பித் தர வேண்டும். பல இடங்களில் தருவதில்லை.

ஏன் தருவதில்லை என்பது பத்து நிமிடம் பக்கத்தில் நின்று கேட்டாலே தெரிந்துவிடும். "நேத்து சிசாட் எழுபத்தெட்டு. டார்கெட் எண்பத்தஞ்சு. ஏஎச்டி ஏறிடுச்சு. இன்னைக்கு எல்லாரும் கொஞ்சம் ஃபோகஸ் பண்ணுங்கப்பா" என்று டீம் லீடர் எக்செல் ஷீட்டைப் பார்த்து வாசிப்பார். சிசாட் என்பது பேசி முடித்த வாடிக்கையாளர் கொடுக்கும் மதிப்பெண். ஏஎச்டி என்பது ஒரு அழைப்புக்குப் பிடிக்கும் சராசரி நேரம். இரண்டும் நேற்றே முடிந்துபோன கணக்குகள். எந்த வகை அழைப்பில் நேரம் இழுத்தது, அங்கே என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது அந்த வாசிப்பில் இல்லை. தலையாட்டிவிட்டுப் போய் ஹெட்செட்டை மாட்டும் ஏஜென்ட், நேற்றுப் பேசிய அதே மாதிரிதான் இன்றும் பேசுவார்.

பயன் தரும் ஹடில் ஒரே ஒரு வகை அழைப்பைப் பிடித்துக்கொள்கிறது. அது எப்படி நடக்கிறது என்று பார்க்க, ஒரு பிராட்பேண்ட் நிறுவனத்தின் பில்லிங் டீமை எடுத்துக்கொள்வோம். மாதத்தின் முதல் வாரம். பில் கட்டக் கடைசித் தேதி நெருங்குகிறது. "யூபிஐல பணம் போயிடுச்சு, ஆனா உங்க ஆப்ல பில் கட்டலைன்னு காட்டுது" என்ற அழைப்புகள் குவிகின்றன. முந்தைய நாள் ஷிஃப்ட்டில் இதற்கு ஒரு ஏஜென்ட் "24 மணி நேரத்துல சரியாயிடும்" என்றார். இன்னொருவர் "ஏழு நாள் ஆகும்" என்றார். மூன்றாமவர் வாடிக்கையாளரை ஹோல்டில் போட்டுவிட்டு சீனியரைத் தேடிப் போனார். 24 மணி நேரம் என்று கேட்டவர் மறுநாள் திரும்பவும் கூப்பிடுவார். ஒரே பிரச்னைக்கு இரண்டு அழைப்பு.

டீம் லீடரின் வேலை ஹடிலுக்குக் கால் மணி நேரம் முன்பே தொடங்குகிறது. அவர் பார்க்க வேண்டியவை மூன்றே மூன்று: முந்தைய ஷிஃப்ட்காரர் எழுதிவைத்த ஹேண்ட்ஓவர் குறிப்பு, அழைப்பு முடிந்ததும் ஏஜென்ட்கள் பதிவு செய்யும் காரணக் குறியீடுகளில் எது மேலே நிற்கிறது, எந்த அழைப்புகள் நீண்ட ஹோல்டில் கிடந்தன. மூன்றும் ஒரே இடத்தைக் காட்டினால் அதுதான் இன்றைய விஷயம். பிறகு அவர் அந்த வகையில் இரண்டு மூன்று பதிவுகளைக் கேட்டு, நன்றாகக் கையாளப்பட்ட ஒன்றிலிருந்து நாற்பது விநாடித் துண்டை எடுத்து வைக்கிறார். மோசமான அழைப்பை எடுப்பதில்லை. பேர் சொல்லாவிட்டாலும் குரல் யாருடையது என்று டீமுக்குத் தெரிந்துவிடும். அதன்பின் பேச்சு வாடிக்கையாளரை விட்டு அந்த ஆளின் மீது போய்விடும்.

ஹடிலின் முதல் இரண்டு நிமிடம் அன்றைய நிலவரத்துக்கு: யார் லீவு, பிரேக் நேரத்தில் மாற்றம் உண்டா, எந்த ஏரியாவில் கேபிள் அறுந்து நெட் இல்லை. மெயிலில் படித்துக்கொள்ளக்கூடிய அறிவிப்புகளுக்கு இங்கே இடமில்லை.

அடுத்த ஐந்து நிமிடம்தான் ஹடிலின் உயிர். பதிவு ஒலிக்கிறது. அதில் ஏஜென்ட் முதலில் பதில் சொல்லவில்லை; கேள்வி கேட்கிறார்: "சார், உங்க யூபிஐ ஆப்பைத் திறந்து அந்த பேமென்ட்டைப் பாருங்க. சக்சஸ்னு இருக்கா, இல்ல பெண்டிங், ஃபெயில்டுன்னு இருக்கா?" அந்த ஒரு கேள்வியில் பாதை இரண்டாகப் பிரிகிறது. 'சக்சஸ்' என்றால் பணம் நிறுவனத்துக்கு வந்துவிட்டது, பில் கணக்கில் ஏறவில்லை. ஆப்பில் தெரியும் 12 இலக்க யூபிஐ எண்ணை வாங்கி டிக்கெட் போட வேண்டும். 'பெண்டிங்', 'ஃபெயில்டு' என்றால் பணம் வங்கிகளுக்கிடையே நிற்கிறது. அதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே கெடு வைத்திருக்கிறது: யூபிஐ வழியாக வணிகருக்குச் செலுத்திய பணம் கணக்கில் கழிந்தும் அவருக்கு உறுதி கிடைக்காவிட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்பிவிட வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஆக, 24 மணி நேரமும் தப்பு, ஏழு நாளும் தப்பு.

பதிவைக் கேட்டதோடு நிறுத்தினால் பாதி வேலைதான் முடிந்தது. பக்கத்தில் நிற்பவரோடு இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, ஒருவர் வாடிக்கையாளராகவும் ஒருவர் ஏஜென்டாகவும் அந்தக் கேள்வியையும் இரண்டு பதில்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒன்றரை நிமிடம் போதும். சிக்கல் எங்கே என்று அப்போதுதான் வெளியே வரும். "பெண்டிங்னு சொன்னா, அப்போ நான் திரும்பவும் கட்டணுமா, இல்லைன்னா நாளைக்கு லைனைக் கட் பண்ணிடுவீங்களான்னு கேக்குறாங்களே, என்ன சொல்றது?" என்று ஒரு ஏஜென்ட் கேட்பார். நியாயமான கேள்வி. பெண்டிங்கில் இருக்கும் பணம் பிறகு போய்ச் சேர்ந்தால், திரும்பக் கட்டியவர் இரண்டு முறை கட்டியவராகிவிடுவார். கட்டாதீர்கள் என்று சொன்னாலோ இணைப்பு துண்டிக்கப்படலாம்.

இதற்கு டீம் லீடரிடம் அந்த நிமிடத்தில் பதில் இருக்காது. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கடைசி மூன்று நிமிடம் இப்படிப்பட்டவற்றுக்குத்தான். அவர் போர்டில் மூன்று விஷயம் எழுதுகிறார்: கேள்வி, யார் பதில் வாங்கித் தருவது, எத்தனை மணிக்குள். "பில்லிங்ல பேசிட்டு பதினோரு மணிக்கு குரூப்ல போடுறேன். அதுவரைக்கும் நம்பரைக் குறிச்சு வைங்க, துண்டிப்பு பத்தி எந்த வாக்கும் குடுக்காதீங்க." பதினோரு மணிக்குப் பதில் வந்தாக வேண்டும், கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்றாவது வர வேண்டும். இரண்டு மூன்று தடவை கேட்ட கேள்வி காற்றோடு போனால், டீம் வாயைத் திறப்பதை நிறுத்திவிடும். "ஏதாவது டவுட் இருக்கா?" என்று கேட்டதும் எல்லோரும் தரையைப் பார்க்கும் ஹடில்கள் பெரும்பாலும் இப்படி உருவானவைதான்.

இனி வரவு. அந்த டீமில் ஒருவர் நாளைக்கு 60 அழைப்பு எடுக்கிறார் என்று வைத்தால் மொத்தம் 720. எட்டில் ஒன்று யூபிஐ அழைப்பு என்றால் 90. ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிட ஹோல்டு மிச்சமானால் 180 நிமிடம். செலவழித்தது 120. மறுநாள் வராமல் போகும் திரும்ப அழைப்புகள் இந்தக் கணக்கில் சேராதவை. அன்றைய விஷயம் நாளைக்குப் பத்து தடவை மட்டும் வரும் அரிய அழைப்பாக இருந்திருந்தால், இதே ஹடில் நஷ்டத்தில் முடிந்திருக்கும்.

எப்போது நடத்துவது என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த டேனிஷ் கணித அறிஞர் எர்லாங், அழைப்புகள் எப்படி வந்து சேர்கின்றன என்பது பற்றிய முதல் ஆய்வை 1909இல் வெளியிட்டார். அவர் வழியில் வந்த சூத்திரத்தைக் கொண்டுதான் இன்றும் கால் சென்டர்கள் ஆள் கணக்குப் போடுகின்றன. ஆள் குறைந்தால் காத்திருப்பு அதே விகிதத்தில் கூடுவதில்லை, எகிறுகிறது என்பதை அந்தச் சூத்திரம் காட்டுகிறது. அரை மணி நேரத்தில் 100 அழைப்பு, ஒவ்வொன்றும் ஆறு நிமிடம், எடுக்க 24 பேர் என்றால் சராசரிக் காத்திருப்பு சுமார் 27 விநாடி. இரண்டு பேரை எடுத்து அப்படியே விட்டால் அது ஒன்றே முக்கால் நிமிடத்தை நெருங்கும். மூன்று பேரை எடுத்தால் நாலரை நிமிடம். நான்கு பேரை எடுத்தால் வரிசை வளர்ந்துகொண்டே போகும்.

அதனால், ஷிஃப்ட் நடுவில் "எல்லாரும் அஞ்சு நிமிஷம் வாங்க" என்று பாதித் தளத்தைத் தூக்கினால், ஹடில் முடிந்து திரும்பும் ஏஜென்டை எரிச்சலில் கொதிக்கும் வாடிக்கையாளர்தான் வரவேற்பார். ஆள் திட்டமிடும் பிரிவிடம் முன்கூட்டியே சொல்லி, அந்தப் பத்து நிமிடத்தை ரோஸ்டரிலேயே போட்டுவிட வேண்டும். முந்தைய ஷிஃப்ட் இன்னும் போனில் இருக்கும் தருணம் நல்லது. இல்லாவிட்டால் ஒரு டீம் முடித்த பிறகு அடுத்த டீம்.

ரோஸ்டரில் போடாமல் "பத்து நிமிஷம் முன்னாடியே வந்துடுங்க" என்று சொல்வது சுலபமான வழி. அந்த நேரத்துக்குச் சம்பளம் இல்லை என்றால் அது ஏஜென்டின் பையிலிருந்து எடுத்த நேரம். அமெரிக்காவில் இது நீதிமன்றம்வரை போயிருக்கிறது: கால் சென்டர் ஊழியர்கள் வேலைக்கு முன் கணினியைத் திறந்து தயார் செய்யும் ஓரிரு நிமிடத்துக்கும் ஊதியம் தர வேண்டும் என்று நெல்நெட் நிறுவன வழக்கில் 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஹடில் வேலை செய்ததா என்று அன்றே தெரிந்துகொள்ளலாம். அதற்கு சிசாட் உதவாது. ஒரு ஏஜென்டுக்கு நாளைக்கு மூன்று நான்கு சர்வே பதில்தான் வரும். ஒரு கோபக்காரரே சராசரியைக் கவிழ்த்துவிடுவார். இரண்டு மணி நேரம் கழித்து ஐந்து யூபிஐ அழைப்புகளைக் கேட்டு, அந்த ஒரு கேள்வி கேட்கப்பட்டதா என்று பார்ப்பது நம்பகமான வழி. ஐந்தில் நான்கில் கேட்டிருந்தால் விஷயம் போய்ச் சேர்ந்திருக்கிறது. இரண்டில்தான் என்றால் மறுநாள் வேறு மாதிரி சொல்ல வேண்டும். அதே சந்தேகம் சீனியரிடம் எத்தனை தடவை வந்தது என்பதும் நல்ல அளவுகோல்.

சில விஷயங்கள் ஹடிலுக்குள் அடங்காதவை. ஏஜென்ட்கள் அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்கிறார்கள், ஆனாலும் மூன்றாவது நாளும் அதே அழைப்புகள் அதே அளவில் வருகின்றன என்றால், அதைப் பேசித் தீர்க்க முடியாது. டீம் லீடர் அந்த மூன்று நாள் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு மேலே போக வேண்டும். வாடிக்கையாளர் அழைத்ததும் ஒலிக்கும் பதிவுக் குரலிலேயே 'பணம் கழிந்து பில் கட்டப்படாததாகக் காட்டினால் திரும்பக் கட்ட வேண்டாம், ஐந்து நாள் பொறுக்கவும், அதுவரை இணைப்பு துண்டிக்கப்படாது' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். அந்த உறுதியைக் கொடுக்கும் அதிகாரம் பில்லிங் பிரிவுக்குத்தான் உண்டு. அவர்கள் ஒப்புக்கொண்டால் அந்த அழைப்புகளில் ஒரு பகுதி ஏஜென்ட் வரை வராமலே நின்றுவிடும். நான்காவது நாள் ஹடிலில் வேறு விஷயத்தை எடுக்கலாம்.