தேவையற்ற சான்றிதழுக்கு ஒரு விலை

மணலி புதுநகரில் எங்கள் தெருவாசி ஒருவர், தரைத்தளமும் மேல்தளமுமாக இரண்டு குடியிருப்புகள் கொண்ட வீட்டைக் கட்டி முடித்தார். மின் இணைப்புக்குப் பணி நிறைவுச் சான்றிதழ் வாங்கித் தருவதாகக் கூறி, இடைத்தரகர் ஒருவர் பணம் கேட்டார். உண்மையில் அந்த வீட்டுக்கு அச்சான்றிதழே தேவையில்லை.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் 2024-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 14 மீட்டர் உயரம், 8 குடியிருப்புகள், 750 சதுர மீட்டர் பரப்பு ஆகியவற்றை மீறாத குடியிருப்புக் கட்டடங்களுக்கு விலக்கு உண்டு. இவற்றுள் ஒன்றை மீறினாலும் சான்றிதழ் பெற்றாக வேண்டும். அதற்கு அனுமதி ஆணை, அனுமதிக்கப்பட்ட வரைபடம், கட்டியபடியான வரைபடம், பொறியாளரின் நிறைவு அறிக்கை, புகைப்படங்கள் ஆகியவை பொதுவாகத் தேவைப்படும்.

ஆனால், விலக்கு சான்றிதழுக்குத்தான், விதிமீறலுக்கு அன்று. வரைபடத்தில் காட்டிய பக்க இடைவெளியை மாடிப்படி விழுங்கியிருந்தால், பின்னாளில் வீட்டை அடமானம் வைக்கும்போது வங்கியின் மதிப்பீட்டாளர் அளந்து கண்டுபிடித்துவிடுவார். எனவே, குடிபுகுமுன் பொறியாளரைக் கொண்டு நான்கு பக்க இடைவெளிகளையும் அளந்து, வரைபடத்துடன் ஒப்பிட்டுக்கொள்வதே பயனுள்ள செலவு.

தகவல் சிலரிடம் மட்டும் தேங்கினால் அதுவே விலைபொருளாகும் என்பது பொருளியலின் பாலபாடம். விலக்கு உண்டா இல்லையா என்பதைக் கட்டட அனுமதி ஆணையிலேயே ஒரு வரியில் அச்சிட்டுவிட்டால், தரகருக்கு விற்க எதுவும் இருக்காது.