எழுபத்திரண்டு பெட்டி எண்ணெய் கேட்டு ஒரு கடிதம்

தீபாவளிக்கு முந்தைய வாரம் சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைகிறீர்கள். வாசலிலேயே பேனர்: 'சன்ஃபிளவர் ஆயில் இரண்டு லிட்டர் எடுத்தால் 40 ரூபாய் தள்ளுபடி.' எண்ணெய் ரேக்குக்குப் போனால் காலி. பணியாளைக் கேட்டால், "நாளைக்கு வரும் சார்" என்பார். முறுக்கு சுட வேண்டியவருக்கு நாளை எதற்கு?

இப்படி "நாளைக்கு வரும்" என்று சொல்லிச் சொல்லி நொந்துபோன கிளை மேலாளர்களில் நானும் ஒருவன். சங்கிலிக் கடைகளில் ஆஃபரை முடிவு செய்வது தலைமை அலுவலகம். எந்தக் கிளைக்கு எத்தனை பெட்டி என்று ஒதுக்குவதும் அவர்கள்தான். கிளை மேலாளர் கையில் இருப்பது ஒரு கடிதம் மட்டும். இப்போது அது மின்னஞ்சல். நான் முதல் வருடம் எழுதிய கடிதம் இரண்டே வரி: 'பண்டிகைக் கூட்டம் அதிகம் வரும். ஆயில் ஸ்டாக் கூடுதலாக அனுப்பவும்.' பதிலே வரவில்லை. வராததில் நியாயம் இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

எல்லாக் கிளையிலிருந்தும் இதே இரண்டு வரிதான் போகும். கேட்டதில் பாதிதான் வரும் என்று தெரிந்தவர் இரண்டு மடங்கு கேட்பார். அது தெரிந்த தலைமை அலுவலகம் இன்னும் கொஞ்சம் வெட்டும். கடையில் சின்னதாகக் கிளம்பும் மிகைப்படுத்தல், கிடங்கு, கம்பெனி என்று மேலே போகப் போக ஊதிப் பெருப்பதைச் சாட்டை விளைவு என்பார்கள். ஹாவ் லீ என்ற பேராசிரியர் தன் சகாக்களோடு 1997-ல் எழுதிய கட்டுரைகளில் இதை விளக்கினார். தட்டுப்பாட்டுக்குப் பயந்து கூட்டிக் கேட்பதும் அதற்கு ஒரு காரணம் என்றார். எங்களுக்கு அது கட்டுரையாகத் தெரியாது, அனுபவமாகத் தெரியும்.

ஆகவே கடிதம் கேட்க வேண்டியது 'கூடுதல்' அல்ல, ஓர் எண். அந்த எண் எப்படி வந்தது என்பதும் அதில் இருக்க வேண்டும். எங்கள் கிளையின் எண்ணெய்க் கணக்கையே சொல்கிறேன். எளிதாக இருக்க எண்களை முழுமையாக்கியிருக்கிறேன்.

சாதாரண நாளில் ஒரு லிட்டர் பாக்கெட் 40 விற்கும். சனி, ஞாயிறு என்றால் 90. முந்தைய தீபாவளிக்கு இதே ஆஃபர் வியாழன் முதல் ஞாயிறு வரை நடந்தது. கணினி காட்டிய விற்பனை 380. தலைமை அலுவலகம் அதன் மேல் பத்து சதவீதம் போட்டு, 42 பெட்டி ஒதுக்கியிருந்தது. ஒரு பெட்டிக்குப் பத்து பாக்கெட்.

தப்பு அந்த 380-ல் இருக்கிறது. அது விற்ற அளவு. கேட்ட அளவு அல்ல. நாள்வாரியாகப் பிரித்தால் வியாழன் 110, வெள்ளி 120, சனி 150, ஞாயிறு பூஜ்யம். எண்ணெய் ஆஃபர் நடக்கும் தீபாவளி ஞாயிறில் ஒருவர்கூட எண்ணெய் வாங்கவில்லையா? சனிக்கிழமை பில்களை மணிவாரியாக எடுத்துப் பார்த்தேன். கடைசி எண்ணெய் பில் மாலை ஐந்தரைக்கு. அதோடு ரேக் காலி.

இதில் ஒரு சூட்சுமம். ஸ்டாக் தீர்ந்தது என்று கணினி அன்று ஒத்துக்கொள்ளவே இல்லை. 14 பாக்கெட் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பதினான்கும் ஓட்டை விழுந்து ஒழுகி, குடோன் மூலையில் ஒரு நீல கிரேட்டுக்குள் பிசுபிசுவென்று கிடந்தன. சேதக் கணக்கில் எழுத யாருக்கும் நேரமில்லை. தலைமை அலுவலகத்தின் திரையில் எங்கள் கிளையில் எண்ணெய் இருந்தது, கடையில் இல்லை. அதனால்தான் கடிதம் எழுதும் முன் ரேக்கிலும் குடோனிலும் கையால் எண்ணிப் பார் என்று புதிதாக வரும் மேலாளர்களிடம் சொல்வேன்.

இனி திருத்தம். எங்கள் கடையில் சாதாரண சனிக்கிழமை எண்ணெய் விற்பனையில் பாதிக்குச் சற்று மேல்தான், ஏறக்குறைய 55 சதவீதம், மாலை ஐந்தரைக்குள் முடியும். மீதி இரவுக் கூட்டம். ஐந்தரைக்குள் 150 என்றால் நாள் முழுவதும் சுமார் 270 போயிருக்கும். அது வழக்கமான 90-க்கு மூன்று மடங்கு. வியாழன், வெள்ளியும் ஏறத்தாழ அதே மடங்குதான். அதனால் எண்ணை நம்பலாம். ஞாயிறுக்கு 240 போட்டேன், சிலர் சனிக்கிழமையே வாங்கியிருப்பார்கள் என்பதால். மொத்தம் 740. கையிருப்பாக இன்னொரு 70. ஆக, 810.

பிறகு எழுதிய கடிதம் இது:

'பொருள்: தீபாவளி ஆஃபர், சன்ஃபிளவர் ஆயில் 1 லிட்டர், கூடுதலாக 30 பெட்டி வேண்டி.

ஐயா, ஒதுக்கீடு 42 பெட்டி. எங்கள் தேவை 72. சென்ற ஆண்டு விற்பனை 380 என்பது சனி மாலை 5.30-க்கு ஸ்டாக் தீர்ந்ததால் வந்த எண். மணிவாரி பில் இணைத்துள்ளேன். முழு ஸ்டாக் இருந்திருந்தால் 740 விற்றிருக்கும். கையிருப்பு 70 சேர்த்துத் தேவை 810. ஆஃபர் தொடங்கும்போது கடையில் 90 பாக்கெட் இருக்கும். 42 பெட்டி மட்டும் வந்தால் சனி இரவோடு தீரும்.

குடோனில் 40 பெட்டிதான் வைக்க முடியும். செவ்வாய் வண்டியில் 40, வெள்ளி வண்டியில் 32 அனுப்பவும். வியாழன் இரவு விற்பனையைத் தெரிவிப்பேன். 80-க்குக் கீழே இருந்தால் வெள்ளி லோடைக் குறைத்துக்கொள்ளலாம்.'

கடைசிப் பத்திதான் வேலை செய்தது என்பது என் எண்ணம். முப்பது பெட்டி கூடுதலாக அனுப்பி விற்காமல் போனால் யார் பதில் சொல்வது என்பதே வாங்கல் பிரிவின் பயம். இரண்டு தவணையாகக் கேட்டதும், ஒரு நாள் விற்பனையைப் பார்த்துவிட்டு நிறுத்தும் உரிமையை அவர்களுக்கே கொடுத்ததும், அந்தப் பயத்தைப் பாதியாக்கின. முழு லோடும் வந்து பழைய 380-தான் விற்றாலும் 430 பாக்கெட் மிஞ்சும். எங்களுக்கு அது எட்டு நாள் விற்பனை. ஆஃபரில் வாங்கிக் குவித்தவர்கள் அடுத்த வாரம் எண்ணெய்ப் பக்கம் வரமாட்டார்கள் என்பதால் பன்னிரண்டு நாள் என்றே வையுங்கள். எண்ணெய் மாதக்கணக்கில் தாங்கும். பால்கோவாவுக்கோ பிரெட்டுக்கோ இந்தத் தைரியத்தில் எழுத முடியாது. அங்கே மிச்சம் நேரே குப்பைக்குப் போகும்.

இந்தக் கணக்கில் பிடிபடாத ஒன்றும் உண்டு. தீபாவளி ஒவ்வொரு வருடமும் வேறு தேதியில் வரும். ஆஃபர் மாதக் கடைசியில் விழுவதும், சம்பளமோ போனஸோ கைக்கு வந்த வாரத்தில் விழுவதும் ஒன்றல்ல. அதற்கு ஒரு மடங்கு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. அந்த 70 பாக்கெட் கையிருப்பை வெட்டக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் இதுதான்.

அந்த வருடம் கேட்டபடி இரண்டு வண்டியும் வந்தன. ஞாயிறு இரவு ஷட்டரை இறக்கியபோது ரேக்கில் இரண்டு வரிசை எண்ணெய் நின்றது. அடுத்த வருடம் அதே கணக்கு, அதே இணைப்புகளோடு எழுதினேன். ஆனால் ஆஃபருக்கு மூன்று நாள் முன்னால்தான் அனுப்பினேன். கிடங்கில் இருந்த எண்ணெய் அதற்குள் வேறு கிளைகளுக்கு ஏறிவிட்டது. இந்தக் கடிதத்தைப் பத்து நாளாவது முன்னால் அனுப்பிவிடுங்கள்.